ஒன்பது வயதினருக்கு ஒரு நாட்குறிப்புப் பாடம்

டில்லியில் நம் சங்கம் நடத்தும் ஞாயிறு வகுப்பில், ஒன்பது வயதுப் பிள்ளைகள் பன்னிருவர் என் பொறுப்பில் இருக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிப்பார்கள். அவர்களை நாட்குறிப்பு எழுதச் சொன்ன முதல் நாளில், பன்னிரண்டு தாளிலும் ஒரே கதையைக் கண்டேன்: "காலையில் எழுந்தேன். பிறகு பல் துலக்கினேன். பிறகு தோசை சாப்பிட்டேன். பிறகு..." இது நாட்குறிப்பு அன்று, கால அட்டவணை. ஒரு தாளில் "பிறகு" என்ற சொல் மூன்று முறைக்கு மேல் வந்தால், பிள்ளை நாள் முழுவதையும் சொல்ல முயன்று எதையும் சொல்லவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

ஆகவே அடுத்த வாரம் வேறுவிதமாகத் தொடங்கினேன். "நேற்றைய நாளில் ஐந்து நிமிடம் மட்டும் எனக்குக் கொடுங்கள். எந்த ஐந்து நிமிடம்?" என்று கேட்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் அதை வாயால் சொல்லச் செய்தேன். வாயால் சொல்லிவிட்ட பிள்ளைக்குத் தாளைக் கண்டு அச்சம் இல்லை. பிறகு தொடக்கச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

இங்கே நான் ஒரு தவறு செய்திருந்தேன். முதலில் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து, "நான் மகிழ்ந்தேன், ஏனென்றால்..." என்று தொடங்கச் சொல்லியிருந்தேன். நம் மொழியில் வினை கடைசியில் வருவது இயல்பு. அதை முதலிலேயே நான் எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன வேலை மிச்சம்? முன்பகுதியை நாம் கொடுத்து, வினையை அவர்களிடம் விட வேண்டும். அப்போதுதான் "நான் போட்டேன்", "அம்மா கேட்டாள்", "சத்தம் கேட்டது" என்று ஈறு பொருந்துகிறதா என்பதும் தெரியும். "அம்மா வந்தது" என்று எழுதுவோர் என் வகுப்பில் மூவர் உண்டு.

நான் கொடுத்த தொடக்கங்கள் ஐந்து:

1. இன்று நான் எதிர்பாராதபடி...
2. அப்போது என் காதில்...
3. உடனே நான்...
4. அதைக் கேட்டதும் (அல்லது பார்த்ததும்) எனக்கு...
5. இப்போது நினைத்தால்...

ஐந்தில் எவையேனும் மூன்றை எடுத்துக்கொண்டால் போதும். இடையில் சொந்த வாக்கியங்கள் வர வேண்டும். ஐந்தையும் பயன்படுத்தி நானே ஒரு குறிப்பு எழுதி, இருமுறை உரக்கப் படித்தேன்:

11-1-2025, சனிக்கிழமை
இன்று நான் எதிர்பாராதபடி ஊறுகாய் ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன். அது பாட்டி திருநெல்வேலியிலிருந்து அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய். அப்போது என் காதில் அம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது. உடனே நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா திட்டவில்லை. "கால்ல கண்ணாடி குத்திடுச்சா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால், பாட்டியிடம் நானே சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

"அம்மா பேசியது மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பிறர் பேச்சைப் பேசியபடியே எழுதலாம் என்றேன். புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் பேச்சுத் தமிழ் கலந்தே எழுதினார். அவருக்கு உள்ள உரிமை ஒன்பது வயதினருக்கும் உண்டு.

எழுதப் பதினைந்து நிமிடம் கொடுத்தேன். ஆறு முதல் எட்டு வாக்கியங்கள் வந்தன. திருத்தும்போது வினை ஈற்றை மட்டும் பார்த்தேன். பிழையின் அருகில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். லகர ளகரப் பிழைகளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பு மையால் திருத்தினால், மறுவாரம் பிள்ளை தனக்குத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும்.

நண்பர்களே, இனி என் பெரும்பிழையைச் சொல்ல வேண்டும். அன்று ஒரு சிறுவன் மிக நன்றாக எழுதியிருந்தான். அகமகிழ்ந்து, அவனைக் கேளாமலே வகுப்பில் படித்துவிட்டேன். அவன் வீட்டில் நடந்த ஒரு சண்டை அதில் இருந்தது. மறுவாரம் அவன் எழுதியது: "காலையில் எழுந்தேன். பிறகு பல் துலக்கினேன்." அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் ஒரு விதி வைத்தேன்: பிறர் படிக்கக் கூடாத பக்கத்தை மடித்துவிடலாம், மடித்த பக்கத்தை நானும் திறவேன். திருத்தத்துக்கு வேறொரு பக்கம் தந்தால் போதும்.

நான்காம் வாரத்தில் தொடக்கச் சொற்களைப் பலகையிலிருந்து அழித்துவிட்டேன். இல்லையேல் பன்னிரண்டு தாளும் மறுபடி ஒன்றுபோலவே ஆகிவிடும். அந்தச் சிறுவன் அன்று நெடுநேரம் எழுதினான். என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தை மடித்து வைத்திருந்தான்.