கால் முடியை எடுத்தால் வேகம் கூடுமா?

கேள்வி: மைசூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிறுதோறும் நண்பர்களோடு சாமுண்டி மலைக்கு சைக்கிளில் ஏறுவேன். வார நாட்களில் சரஸ்வதிபுரம் பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் நீந்துவேன். எங்கள் குழுவில் சிலர் காலை மழித்துக்கொள்கிறார்கள். நானும் போன மாதம் முகத்துக்கு வைத்திருந்த ரேஸரை எடுத்து, குளிக்கும்போது சோப்புப் போட்டு மழித்தேன். இரண்டே நாளில் தொடை முழுக்கச் சிவப்புப் பொரிகள். குளத்தில் இறங்கினால் எரிகிறது. இதனால் உண்மையில் பலன் உண்டா? எப்படிச் செய்தால் தொல்லை இருக்காது?

பதில்: நீச்சல்காரர் மழிப்பதற்கும் சைக்கிள்காரர் மழிப்பதற்கும் காரணம் வேறு வேறு. முதலில் நீச்சல். தண்ணீர் காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தியானது; அதனால் சின்னத் தடையும் அங்கே கணக்கில் வரும். 1989-இல் ஷார்ப், காஸ்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மார்பு நீச்சல் வீரர்களை மழிப்பதற்கு முன்னும் பின்னும் நீந்தவைத்துப் பார்த்தார்கள். மழித்தபின் அதே வேகத்துக்கு ரத்தத்தில் லாக்டேட் குறைவாகவே சேர்ந்தது. ஒரு கைவீச்சில் கடந்த தூரமும் கூடியது. முடியோடு தோலின் மேல் இருக்கும் இறந்த செல்களும் போய்விடுவதால், தண்ணீர் காலில் படுவதே தெளிவாகத் தெரிகிறது என்று நீந்துகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் அவர்கள் வருடம் முழுக்க மழிப்பதில்லை. பெரிய போட்டிக்கு முன்னால் மட்டும்தான். தினசரிப் பயிற்சிக்கு நீந்தும் உங்களுக்கு அது தேவையில்லை.

சைக்கிளில் வேகக் கணக்கு சர்ச்சைக்குரியது. 1980-களில் நடந்த ஒரு சோதனையில் 40 கிலோமீட்டருக்கு 5 விநாடி அளவுதான் மிச்சமானது. 2014-இல் ஸ்பெஷலைஸ்டு சைக்கிள் நிறுவனம் தன் காற்றுச் சுரங்கத்தில் சிலரைச் சோதித்து, அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் மிச்சமாகும் என்றது. சோதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர் என்பதால் அந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்க மாட்டேன். எப்படியானாலும், காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. மலை ஏறும் மெதுவான வேகத்தில் உங்களை இழுத்துப் பிடிப்பது காற்றல்ல, உங்கள் எடைதான்.

சைக்கிள்காரர்கள் மழிப்பதற்கு வலுவான காரணம் இறக்கத்தில் இருக்கிறது. மழை ஈரத்தில் ஒரு வளைவில் சறுக்கினால், முழங்காலும் தொடையின் பக்கவாட்டும் தாரில் உரசி அகலமாகச் சிராய்த்துவிடும். முடி இல்லாத காலில் அந்தப் புண்ணைக் கழுவி மண்ணை எடுப்பது எளிது. தினமும் கட்டு மாற்றும்போது பிளாஸ்திரி முடியைப் பிடுங்காது. எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்யும்போதும் முடி இழுபடாது. இது உங்களுக்குப் பயன்படும் என்றால் மழிக்கலாம்.

இனி உங்கள் பொரிகளுக்கு வருகிறேன். மழுங்கிய பிளேடு, நீளமான முடி, வறண்ட சோப்பு நுரை மூன்றும் சேர்ந்த வேலை அது. கால் முடி நீளமாக இருந்தால் ரேஸர் இரண்டு இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும். அதற்காக அழுத்துவோம், தோல் கீறும். நுனி கூராக வெட்டுப்பட்ட முடி வளையும்போது மறுபடி தோலுக்குள்ளேயே குத்திக்கொள்ளும். அதுதான் சிவப்புப் பொரி.

அடுத்த முறை முதலில் ட்ரிம்மரால் முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் வெந்நீரில் குளியுங்கள், முடி இளகும். உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் என்றால் சோப்பு சரியாக நுரைக்காது, ஷேவிங் ஜெல்லே போடுங்கள். புது பிளேடு மாட்டி, கணுக்காலில் தொடங்காமல் முடி வளரும் திசையிலேயே மேலிருந்து கீழாக, அழுத்தாமல் இழுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிளேடை அலசுங்கள். முழங்காலை மடக்கி வைத்தால்தான் அங்கே தோல் விறைத்து நிற்கும். நீட்டிய காலில் மழித்தால் வெட்டுவது நிச்சயம். எதிர்த்திசையில் மழித்தால் இன்னும் வழுவழுப்பாக வரும். ஆனால் பொரி வந்த தொடைக்கு அது வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். தேய்ப்பு இல்லாத தளர்ந்த உடை போடுங்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்: சைக்கிள் சீட்டில் உராயும் இடுப்புக்கீழ்ப் பகுதியை மழிக்காதீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் பிரிட்டிஷ் சைக்கிள் வீராங்கனைகளுக்குச் சீட்டுப் புண் தொல்லை இருந்தபோது, அங்கே முடியை மழிக்க வேண்டாம் என்பதே அவர்களுக்குத் தரப்பட்ட ஆலோசனைகளில் ஒன்று. அங்கே முடி உராய்வைக் குறைக்கிறது.

புதிதாக மழித்த காலோடு குளோரின் குளத்தில் இறங்காதீர்கள். ஒரு நாளாவது விடுங்கள். இப்போதுள்ள பொரி ஆறும்வரை ரேஸரைத் தொடவே வேண்டாம். அவற்றில் சீழ் கட்டினாலோ, சிவப்பு பரவி சூடாக வலித்தாலோ அடுத்த நாளே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.