தலைப்பில் ஆண்டை மாற்றினால் இடம் போய்விடுமா?

கேள்வி: காசிமேட்டில் எந்த மீன் எப்போது வாங்கலாம், என்ன விலை என்று 12 மீன்களைப் பட்டியலிட்டு 2024-ல் கட்டுரை எழுதினேன். கூகுள் தேடலில் முதல் பக்கத்தில் வருகிறது. தலைப்பை 2025 என்று மாற்றினால் அந்த இடம் போய்விடுமோ என்று கை வைக்கவே பயமாக இருக்கிறது. புதிதாக ஒன்று எழுதிவிடலாமா?
- எஸ்.கே., கல்மண்டபம்

பதில்: தாராளமாக மாற்றுங்கள், எஸ்.கே. தலைப்பில் ஆண்டு மாறியதற்காக மட்டும் ஒரு கட்டுரை பின்னுக்குப் போவது அபூர்வம். ஆபத்து முகவரியில்தான் (பக்கத்தின் இணைய விலாசம்) இருக்கிறது.

பிறர் கொடுத்த இணைப்புகளெல்லாம் உங்கள் பழைய முகவரிக்குத்தான் வருகின்றன. புதிதாக எழுதினால் அது வெறுங்கையோடு தொடங்கும். ஒரே தேடலுக்கு உங்கள் இரண்டு கட்டுரைகளும் மோதிக்கொள்ளும். ஆகவே அது வேண்டாம்.

முகவரியிலேயே `2024` இருந்தால், ஒரே ஒருமுறை அதை எடுத்துவிடுங்கள். `/kasimedu-meen-vilai-2024/` என்பது `/kasimedu-meen-vilai/` ஆகட்டும். பழையதிலிருந்து புதியதற்கு `301` (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடுங்கள். முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குறைந்தது ஓராண்டு இந்த `301`-ஐ வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே வேண்டாம் என்பேன் நான். சில வாரங்கள் இடம் ஏறி இறங்கலாம். அந்த நாட்களில் கட்டுரையைத் தொடாதீர்கள். தொட்டால், சரிவு எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

இடம் நிலைத்த பிறகு, அடுத்து தலைப்பு. தேடலுக்கான `<title>`, பக்கத்தின் மேலே தெரியும் `<h1>` இரண்டிலும் 2025 என்றே இருக்கட்டும். ஒன்றில் பழைய ஆண்டு தங்கிவிட்டால், தேடலில் எதைக் காட்டுவது என்று கூகுள் தானே முடிவு செய்துகொள்ளும்.

ஆண்டை மட்டும் மாற்றி, வஞ்சிரம் விலையைப் பழையபடி விட்டால் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உள்ளடக்கம் மாறாமல் தேதியை மட்டும் புதுப்பிப்பதைக் கூகுளும் விரும்புவதில்லை. விலையைப் புதுப்பிக்க, உங்கள் பட்டியலுக்கு ஜனவரி 1 பொருத்தமான நாளே அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். படகுகள் திரும்பி வரத்து சீரானதும், ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை விலையைக் குறித்து வாருங்கள். எந்த நாள் விலை என்பதையும் எழுதுங்கள். தடைக்கால விலைக்குத் தனிப் பத்தி கொடுங்கள். `dateModified` (கடைசியாகத் திருத்திய தேதி) அன்றைக்கு மாறட்டும். `datePublished` (முதலில் வெளியான தேதி) அப்படியே இருக்கட்டும்.

திருத்தும்போது எதை வெட்டுகிறீர்கள் என்பதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கூகுள் சர்ச் கன்சோலில் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்தச் சொற்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கடம்பா சுத்தம் செய்வது பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய நாலு வரிக்காகவே பாதிப் பேர் வரக்கூடும். விலைப் பட்டியலில் இது எதற்கு என்று அதை நீக்கினால் அவர்கள் வரமாட்டார்கள். பழி ஆண்டின் மேல் விழும்.