பதிவுச் சான்றிதழில் ஓர் அடமானக் குறிப்பு

வீட்டைக் கடனுக்கு ஈடு வைப்பவரின் பத்திரம் கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேர்கிறது. நகையை ஈடு வைத்தால் நகையே போய்விடுகிறது. கடனில் வாங்கிய வண்டியோ உரிமையாளரின் வாசலிலேயே நிற்கிறது. அதை ஓட்டலாம், அதைக் கொண்டு பிழைக்கலாம். அப்படியானால் கடன் கொடுத்தவருக்கு என்ன பாதுகாப்பு? பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் ஒரு குறிப்பே அந்தப் பாதுகாப்பாகும். மக்கள் வழக்கில் இதனை ‘எச்.பி.’ என்பர்.

வண்டியைப் பதியும்போது, வாங்குபவரும் கடன் கொடுப்பவரும் கையொப்பமிட்ட விண்ணப்பம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளிக்கப்படுகிறது. அதன்பேரில் கடன் நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் ஏறுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, இக்குறிப்பின் விளைவுகளை வரையறுக்கிறது.

இருவகைத் தடைகள்

முதல் தடை விற்பனையைப் பற்றியது. கடன் நிறுவனம் எழுத்து வடிவில் இசைவு தராத வரையில், வண்டியின் உரிமையை வேறொருவர் பெயருக்கு மாற்றிப் பதிய இயலாது. இங்கு மௌனம் சம்மதமாகாது.

இரண்டாம் தடை சற்று நெகிழ்வானது. உரிமத்தைப் (பெர்மிட்) புதுப்பித்தல், சான்றிதழின் நகல் பெறுதல், முகவரி மாற்றுதல், வண்டியின் அமைப்பை மாற்றுதல், வேறு மாநிலத்திற்குக் கொண்டு செல்லுதல் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும் முன், உரிமையாளர் கடன் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்த ஏழு நாள்களுக்குள் நிறுவனம் சான்றினைத் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிடில், சான்று தரப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. பதில் ஏதும் வரவில்லை என்ற உறுதிமொழியுடன் உரிமையாளர் அலுவலகத்தை அணுகலாம். எனவே நிறுவனத்திடம் கோரிக்கையை அளித்த நாளுக்குச் சான்றாக ஒப்புகைச் சீட்டு கையில் இருப்பது இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியத்தில் ஒருவர் கடனில் சிறு சரக்கு வண்டி வாங்கியிருக்கிறார் எனக் கொள்க. அவர் கட்ட வேண்டிய கடன் இன்னும் 1,80,000 ரூபாய் உள்ளது. சங்கராபுரத்தைச் சேர்ந்த ஒருவர் அவ்வண்டியை 4,50,000 ரூபாய்க்குக் கேட்கிறார். “2,70,000 ரூபாயை இப்போதே தந்துவிடுகிறேன், மீதித் தவணைகளை நானே கட்டிக்கொள்கிறேன்” என்கிறார். முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதி, வண்டியை ஒப்படைப்பது எளிதாகத் தோன்றும்.

ஆனால் அத்தாள் பதிவேட்டை மாற்றாது. கடன் ஒப்பந்தத்தையும் மாற்றாது. வாங்கியவர் தவணையை நிறுத்தினால், கடன் நிறுவனம் விற்றவரையே கேட்கும். நிறுவனம் வண்டியைக் கைப்பற்றினால், பணம் கொடுத்தவர் வண்டியை இழப்பார். வண்டி விபத்தில் சிக்கினால் விற்றவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியை விற்று ஒப்படைத்த பின்னும், பதிவேட்டில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

நேரான வழி வேறு. கடனை முடிக்க வேண்டிய முழுத் தொகை எவ்வளவு, அது எந்த நாள் வரை செல்லும் என்பதை நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் பெற வேண்டும். அத்தொகை 1,80,000 எனில், வாங்குபவர் அதனை நிறுவனத்தின் கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்தலாம். பின்னர் நிறுவனம் கடன் முடிந்தமைக்கான சான்றையும் கையொப்பமிட்ட படிவம் 35ஐயும் தரும். உரிமையாளரும் அதில் கையொப்பமிட்டு, பதிவுச் சான்றிதழுடனும் கட்டணத்துடனும் அலுவலகத்தில் அளித்தால் குறிப்பு நீக்கப்படும். அதன்பின் படிவம் 29, 30 ஆகியவற்றின் வழியே உரிமை மாறும். மீதி 2,70,000 ரூபாய் விற்றவரைச் சேரும்.

கடன் தீர்ந்தாலும் குறிப்பு தீராது

கடைசித் தவணையைக் கட்டியதும் குறிப்பு தானே மறைந்துவிடும் எனப் பலர் எண்ணுவர். அது அவ்வாறன்று. கடன் முடிந்ததற்குரிய சான்றுடன் விண்ணப்பித்தால் மட்டுமே பதிவு அலுவலகம் அதனை நீக்கும். தடையின்மைச் சான்றைப் பெட்டியில் வைத்துவிட்டுப் படிவம் 35ஐ அளிக்காமல் விட்டவர், பல்லாண்டு கழித்து வண்டியை விற்க முனையும்போதுதான் தடையை உணர்வார். அதற்குள் கடன் நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ வேறொன்றுடன் இணைந்திருந்தாலோ, கையொப்பம் பெறுவதே பெரும்பாடாகும்.

காப்பீட்டுப் பத்திரத்திலும் இதே குறிப்பு இருக்கும். வண்டி களவு போனால், காப்பீட்டுத் தொகையில் முதல் உரிமை கடன் நிறுவனத்திற்கே. ஆகவே கடன் முடிந்ததும் பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் குறிப்பை நீக்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோரும், விற்பவரின் சொல்லை மட்டும் நம்பாமல், சான்றிதழில் கடன் நிறுவனத்தின் பெயர் உள்ளதா எனப் பார்த்த பின்னரே முன்பணம் தருதல் வேண்டும்.