பற்றரிச் சூட்டுக்கு வெயிலைப் பழிக்காதீர்கள்

கல்லடியிலும் காத்தான்குடியிலும் மின்ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களிடம் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன்: "பெரிய சார்ஜர் போட்டா கெதியா ஏறும். சூடு நம்மட வெயிலாலதான், நிழல்ல வச்சாச் சரி." இதில் சூட்டைப் பற்றிச் சொல்வது சுத்தப் பிழை. வெயில் பற்றரியைப் பாதிக்கும்தான். ஆனால் சார்ஜ் ஏறும்போது வரும் சூடு செல்லுக்குள்ளேயே பிறக்கிறது.

அந்தச் சூட்டுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. முதலாவது உள்தடை. இதன் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு லித்தியம் செல்லின் உள்தடை 50 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். 1 அம்பியரில் சூடு 0.05 வாட், 4 அம்பியரில் 0.8 வாட். நான்கு மடங்கு ஓட்டத்துக்குப் பதினாறு மடங்கு சூடு. நேரம் கால்வாசியாகக் குறைந்தாலும் மொத்தச் சூடு நான்கு மடங்காகும். அதுவும் குறுகிய நேரத்தில் பிறப்பதால் வெளியேற நேரமின்றிச் செல்லுக்குள் தேங்கும்.

இரண்டாவது ஊற்று என்ட்ரோபி. லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றதுக்குப் போகும்போது அவற்றின் ஒழுங்கு மாறுகிறது. அந்த மாற்றம் வெப்பத்தை வெளிவிடும் அல்லது உறிஞ்சும். இது ஓட்டத்தோடு நேராகத்தான் ஏறும், திசை மாறினால் குறியும் மாறும். சில செல்களில் சார்ஜின் ஒரு கட்டத்தில் இது உறிஞ்சும். நமது செல்லில் அம்பியருக்கு 0.03 வாட் உறிஞ்சுகிறது என்றால், 1 அம்பியரில் மிஞ்சுவது 0.02 வாட், 4 அம்பியரில் 0.68 வாட். முப்பத்துநான்கு மடங்கு! சின்ன சார்ஜரில் கை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்று நம்பியவர் பெரியதில் ஏமாறுவது இதனால்தான். இரண்டு ஊற்றையும் சேர்த்த கணக்கை பெர்னார்டி, பவ்லிகோவ்ஸ்கி, நியூமன் மூவரும் 1985இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். இனியும் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"ஈரத்துணி சுற்றினால் போதும்" என்பது இன்னொரு நம்பிக்கை. துணி குளிர்விப்பது வெளித்தோலை, சூடு பிறப்பதோ உள்ளே. வாவியின் உப்புநீரில் நனைத்தால் முனைகள் துருப்பிடிக்கும். "புதிதாய் இருந்தபோது சூடாகவில்லை, அதனால் இப்போதும் பயமில்லை" என்பதும் தவறு. செல் மூப்படைய உள்தடை கூடும். தடை இரட்டித்தால் அதே ஓட்டத்தில் தடைச்சூடும் இரட்டிக்கும்.

உள்தடையை அளப்பது கடினமல்ல. சுமையில்லாமல் 3.70 வோல்ட் காட்டும் செல் 4 அம்பியர் எடுத்தவுடன் 3.50க்கு இறங்கினால், 0.20ஐ 4ஆல் வகுங்கள்: 0.05 ஓம், அதாவது 50 மில்லிஓம். பற்றரிப் பொதியைப் பிரித்து இதைச் செய்ய வேண்டியவர் பழுதுபார்ப்பவர், வீட்டில் நீங்கள் அல்ல. விற்கும் ஒவ்வொரு பொதியிலும் வோல்ட், அம்பியர்-மணியோடு உள்தடையும் அச்சிடப்பட வேண்டும் என்று நான் எங்கும் சொல்லிவருகிறேன். அது வரும்வரை உற்பத்தியாளர் குறித்த அம்பியருக்கு மேற்பட்ட சார்ஜரை வாங்காதீர்கள், நிழலில் வைத்து ஏற்றுவதற்கும் வாங்காதீர்கள்.