பின் நம்பர் மனைவியிடம், நொமினி தாயார்

கிளிநொச்சியில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், வன்னியில் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. கணவர் திடீரென இறந்துவிட்டார். மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவருடைய சம்பளம் ஒரு வங்கிக் கணக்கில் விழும். போனில் அந்த வங்கியின் செயலி, ஈசி கேஷ், ஜீமெயில், பேஸ்புக் எல்லாம் உண்டு. போனின் பூட்டும் வங்கிச் செயலியின் பின் நம்பரும் மனைவிக்குத் தெரியும். செத்தவீட்டுச் செலவுக்கு அந்தக் காசை எடுக்கலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது.

எடுக்க வேண்டாம். அவருடைய பின் நம்பரைப் போட்டுக் காசை அனுப்பினால், வங்கியின் பதிவில் இறந்தவரே அனுப்பியதாக விழும். இறப்புச் சான்றிதழில் உள்ள திகதிக்குப் பிறகு நடந்த அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பின்னர் மாமியாரோ மைத்துனரோ கேள்வி கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் மனைவிதான். அனுமதியின்றி ஒரு கணினி முறைமைக்குள் நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. உரிமையுள்ள பணத்தையே எடுத்திருந்தாலும், எடுத்த வழி அவரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

பணம் யாருக்கு என்பதைத் தீர்ப்பது கணக்குத் திறந்த நாளில் நிரப்பிய படிவம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, கணக்கு வைத்திருப்பவர் தன் இறப்புக்குப் பின் பணத்தைப் பெற ஒருவரை நொமினியாகக் குறிக்கலாம். நம் கதையில் கணவர் கணக்குத் திறந்தது திருமணத்துக்கு முன். அப்போது தாயாரின் பெயரைக் கொடுத்தார். பிறகு மாற்றவே இல்லை. ஆகவே வங்கி தாயாரைத்தான் கூப்பிடும். மனைவி பின் நம்பர் தெரிந்தவர், சட்டப்படி உரித்துள்ளவர்; ஆனாலும் அந்தக் கவுண்டரில் அவர் பெயர் இல்லை. குடும்பங்கள் பிரிவது இந்த இடத்தில்தான். தாயாரும் மருமகளும் ஒன்றாக வங்கிக்குப் போய், முகாமையாளரின் முன்னால் படிவத்தைப் பார்த்த பிறகு பேசினால் பல சண்டைகள் எழாது.

நொமினியே இல்லையென்றால் காசு வாரிசுகளுக்குப் போகும். தேசவழமைக்கு உட்பட்ட குடும்பம் என்றால், திருமணத்தின் பின் கணவர் உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இந்தப் பங்கு வேறாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். மொத்தச் சொத்தின் பெறுமதி சட்டம் வைத்த எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு வைக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தால் வங்கி பொதுவாக இறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், சத்தியக்கடதாசி ஆகியவற்றைக் கேட்கும். ஆகவே பிரதேச செயலகத்தில் இறப்புச் சான்றிதழின் பல பிரதிகளை ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. கனடாவில் இருக்கும் அண்ணன் இங்குள்ள தன் கணக்கை நடத்தத் தங்கைக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருப்பார். அவர் இறந்த கணமே அது செத்துவிடும். ஐந்து வருடமாக அந்தக் கணக்கில் கையெழுத்து வைத்தவர் என்பது அடுத்த நாள் கையெழுத்துக்கு உதவாது. உடனே வங்கிக்கு அறிவித்துவிடுங்கள்.

இனி சிம். இறந்தவரின் இலக்கத்தை முதல் கிழமையிலேயே துண்டித்துவிடுகிறார்கள், அல்லது ரீலோட் போடாமல் காலாவதியாக விடுகிறார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். ஜீமெயிலின் மீட்புக் குறியீடும் வங்கியின் ஓடிபியும் அந்த இலக்கத்துக்குத்தான் வரும். நீண்ட நாள் பாவிக்காத இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்போது ஒரு அந்நியரின் கையில் குறுஞ்செய்திகள் விழும். ஆகவே சிறு தொகை ரீலோட் போட்டு இலக்கத்தை உயிரோடு வைத்திருங்கள். வருகிற ஓடிபியைக் காசு எடுக்கப் பாவிக்காதீர்கள். எந்த வங்கி, எந்தக் கடன் செயலி, எந்த வாலட் என்று கண்டுபிடிக்க அந்தக் குறுஞ்செய்திகள் போதும். ஈசி கேஷ், எம்கேஷ் போன்ற வாலட்டுகள் தொலைபேசி இலக்கத்தோடு கட்டப்பட்டவை. வாலட்டில் உள்ள மிகுதியைப் பற்றிச் சேவை நிலையத்தில் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே சிம்மை மாற்றவோ மூடவோ கேளுங்கள்.

வட்ஸ்அப்பும் அந்த இலக்கத்தில்தான் நிற்கிறது. 120 நாட்கள் எதுவும் நடக்காவிட்டால் நிறுவனம் பொதுவாக அந்தக் கணக்கை அழித்துவிடும். பிள்ளைகள் பின்னாளில் கேட்கப்போகும் அப்பாவின் குரல்பதிவுகள் அதற்குள் இருந்தால், போனை அழித்துப் புதிதாக்குவதற்கு முன் பிரதி எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சலும் பேஸ்புக்கும் பணம்போலப் பங்கிடப்படுவதில்லை. கூகுள் யாருக்கும் பாஸ்வேர்ட் கொடுக்காது. உயிரோடிருக்கும்போது Inactive Account Manager என்ற அமைப்பில் ஒருவரைக் குறித்திருந்தால், குறித்த மாதங்கள் கணக்கு அசையாமல் கிடந்த பின் அவருக்குத் தகவல் போகும், தரவுகளை இறக்கிக்கொள்ளலாம். அப்படிக் குறிக்காதவரின் கணக்குக்குக் குடும்பத்தவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் உள்ளடக்கம் கிடைக்கும் என்று உறுதியில்லை. தமிழிலும் சிங்களத்திலும் உள்ள சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். சான்றிதழில் தந்தை பெயரோடு நீளமாக இருக்கும் பெயர், கணக்கில் செல்லப் பெயராக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பேஸ்புக்கில் Legacy contact ஆகக் குறிக்கப்பட்டவர் நினைவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே நுழையவோ தனிச் செய்திகளை வாசிக்கவோ முடியாது.

ஜேர்மனியில் இதுபோன்ற ஒரு வழக்கு உச்சிவரை போனது. 2012இல் பெர்லினில் தொடருந்தில் அடிபட்டு இறந்த 15 வயது மகளின் செய்திகளை வாசிக்கப் பெற்றோர் கேட்டார்கள், பேஸ்புக் மறுத்தது. 2018 ஜூலை 12 அன்று அந்நாட்டுக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், கடிதங்களும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போவதைப்போலக் கணக்கும் போகும் என்று தீர்ப்பளித்தது. ஜேர்மனியில் வாழ்ந்து இறந்த உறவினரின் கணக்கு என்றால் அங்குள்ள வழக்கறிஞரிடம் இதைச் சொல்லுங்கள். இங்குள்ள கணக்குக்கு அந்தத் தீர்ப்பு கட்டாயமில்லை.

கடைசியாக, இறந்தாரா இல்லையா என்று தெரியாதவர்களின் கணக்குகள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இது பல வீடுகளின் விடயம். 2016இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ், காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைக் குடும்பத்தவர் பெறலாம். இறந்துவிட்டார் என்று எழுத மனமில்லாத தாய்க்கு அது பெரிய விடயம். ஆனால் அது இறப்பைச் சொல்லவில்லை. அதனால் இறப்பின் பின் நொமினிக்குக் கொடுக்கும் பணம் அந்தச் சான்றிதழால் மட்டும் வெளிவராது. எந்தச் சான்றிதழை எடுப்பது என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். வங்கி அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள். பத்து வருடம் அசையாத கணக்கின் பணத்தை வங்கி மத்திய வங்கிக்கு மாற்றும். மாற்றப்பட்டாலும் உரியவரோ வாரிசோ கணக்கிருந்த வங்கிக் கிளை மூலம் உரிமை கோரலாம். பழைய பாஸ்புத்தகம் கிழிந்திருந்தாலும் கணக்கிலக்கம் தெரியும் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்திருங்கள்.