படத்தை வைத்து வேக்குவம் கிளீனரை எடைபோட முடியுமா?

கேள்வி: சின்ன வெங்காயச் சருகும் மண்ணும் அள்ள, கையடக்க வேக்குவம் ஒன்றைப் பழையதாக வாங்க நினைக்கிறேன். விற்பவர் அனுப்பிய படம் இணைத்துள்ளேன். வாங்கலாமா?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: முன்பக்கப் படம் மட்டும் போதாது. ஒரே வார்ப்பில் வந்த உடல் பல பெயர்களில் விற்கிறது. அடிப்பக்க ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். மாடல் எண் அங்கேதான் இருக்கும். உங்கள் படத்தின் ஓரத்தில் தெரிவது ‘12 வோல்ட், 120 வாட், 9000 பாஸ்கல்’. 12 வோல்ட் என்றால் பெரும்பாலும் கார் சாக்கெட்டுக்கானது. வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகக் கூடாது.

120 வாட் என்பது அது இழுக்கும் மின்சாரம், உறிஞ்சும் திறன் அல்ல. 9000 பாஸ்கல் உறிஞ்சும் அழுத்தம்தான். ஆனால் வாயை முழுக்க அடைத்து, காற்றே ஓடாத நிலையில் அளப்பது. சருகை இழுத்துச் செல்வது காற்றோட்டம். அந்த அளவு ஸ்டிக்கரில் இல்லை.

ஃபில்டரைக் கழற்றிப் படமெடுக்கச் சொல்லுங்கள். ‘எச்13’ தரமென்றால், பிடிக்கக் கடினமான நுண்துகளிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும். ‘ஹெப்பா மாதிரி’ என்ற சொல்லுக்கு அந்த உறுதி இல்லை. ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் தூசி பக்கவாட்டில் தப்பி, பின்துளை வழியே அறைக்கே திரும்பும். மடிப்புகளுக்குப் பின்னால் மண் படிந்திருப்பதே அதற்கு அடையாளம்.