குறுகிய கால வைப்பு: வட்டி நாட்களை எண்ணும் முறை

குறுகிய கால வைப்பின் வட்டியை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன: பணம் இருந்த நாட்கள், அதை வகுக்கும் ஆண்டு நாட்கள். ரூபாய் வைப்புக்கும் பிரிட்டிஷ் பவுண்டுக்கும் வகு எண் 365. அமெரிக்க டாலர், யூரோ பணச்சந்தையில் அது 360.

நாட்களை எண்ணுதல்: பணம் போட்ட நாளைச் சேர்க்க வேண்டும், முதிர்வு நாளை விட்டுவிட வேண்டும். மார்ச் 10 முதல் ஜூன் 9 வரையிலான வைப்பில் மார்ச்சில் 22, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 8, ஆக 91 நாட்கள்.

வட்டி: அசல் × வட்டி விகிதம் × நாட்கள் ÷ (100 × 365 அல்லது 360). அசல் 1,00,000, வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால், 91 நாட்களுக்கு 365-இன்படி 1,495.89, 360-இன்படி 1,516.67 கிடைக்கும். வித்தியாசம் 20.78.

ஒப்பிடுதல்: 360 அடிப்படையில் சொல்லப்படும் விகிதத்தை 365-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால், 365 அடிப்படையிலான விகிதம் வரும். 6 சதவீதம் இப்படி 6.083 சதவீதமாகும். இரு வைப்புகளை ஒப்பிடும் முன் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

வழக்கமான பிழை: மூன்று மாதத்தை 90 நாள் என்று எடுத்துக்கொள்வது. மேற்கண்ட ரூபாய் வைப்பில் 1,479.45 என்று வந்தால், ஒரு நாள் வட்டியான 16.44 விடுபட்டிருக்கிறது. வகு எண் 360 ஆனாலும், இம்முறையில் மேலே வருவது உண்மையான நாட்களே.